ஒரு தட்டு மீனுக்கு என்ன விலை போடலாம்? ஃபுட் காஸ்ட் சதவீதம், அடியிலிருந்து

சின்ன ஓட்டல் தொடங்கியவர்களிடம் "மெனுவில் விலையை எப்படிப் போட்டீர்கள்?" என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டில் ஒரு பதில்தான் வரும். பக்கத்துக் கடை விலையைப் பார்த்து அதில் கொஞ்சம் குறைத்தேன் என்பது ஒன்று. சாமான் செலவைக் கணக்குப் பண்ணி மூன்றால் பெருக்கினேன் என்பது இன்னொன்று. முதல் பதிலில் பேச ஒன்றுமில்லை, பக்கத்துக் கடைக்காரர் வாடகையும் உங்கள் வாடகையும் ஒன்றா என்று கேட்பதோடு முடிந்துவிடும். இரண்டாவது பதில் நல்ல பதில்தான், ஆனால் மூன்றால் பெருக்கிய அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் கிளறினால் பாதிப் பேருடைய கணக்கு அங்கேயே உட்கார்ந்துவிடும். பெருக்கலில் யாரும் தப்பு செய்வதில்லை, தப்பெல்லாம் அதற்கு முந்தைய வரியில் இருக்கிறது.

முதலில் சொல்லுக்குப் பொருள். நீங்கள் விற்ற ஒரு தட்டுக்குள் போன சாமான்களின் செலவு, அந்தத் தட்டின் விற்பனை விலையில் எத்தனை பங்கு என்பதுதான் ஃபுட் காஸ்ட் சதவீதம்.

ஃபுட் காஸ்ட் சதவீதம் = சாமான் செலவு ÷ விற்பனை விலை × 100

இதையே திருப்பிப் போட்டால் விலை கிடைக்கும்:

விற்பனை விலை = சாமான் செலவு ÷ ஃபுட் காஸ்ட் சதவீதம்

சாமான் செலவு 100, ஃபுட் காஸ்ட் 30 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்றால் 100 ÷ 0.30, அதாவது 333. ரூபாயோ டாலரோ ரியாலோ, கணக்கு ஒன்றுதான் என்பதால் இந்தக் கட்டுரை முழுக்க வெறும் எண்களாகவே எழுதுகிறேன், உங்கள் ஊர்ப் பணத்தை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு குழி இருக்கிறது, நான் பார்த்தவரை கணக்கில் கெட்டிக்காரர்களே விழுகிறார்கள். "30 சாமானுக்கு, 70 நமக்கு, சரி, 100-க்கு ஆன சாமானோடு 70 சேர்த்து 170-க்கு விற்போம்" என்று போட்டுவிடுவார்கள். 170-க்கு விற்றால் 100 என்பது அதில் கிட்டத்தட்ட 59 சதவீதம். சதவீதம் விற்பனை விலையின் மேல் போடப்படுவது, சாமான் செலவின் மேல் போடப்படுவதில்லை. அதனால்தான் கூட்டாமல் வகுக்கிறோம்.

சூத்திரம் அவ்வளவுதான். இனி உண்மையான வேலை: அந்த "சாமான் செலவு" என்ற எண்ணைக் கண்டுபிடிப்பது. ஒரே ஒரு தட்டை எடுத்துக்கொண்டு கடைசிவரை போவோம். மாவில் தோய்த்துப் பொரித்த மீன் துண்டு, உருளைக்கிழங்கு ஃப்ரை, கொஞ்சம் சாலட், ஒரு கரண்டி சாஸ், ஓர் எலுமிச்சைத் துண்டு. இந்தத் தட்டை வேண்டுமென்றேதான் தேர்ந்தெடுத்தேன், ஏனென்றால் விலை போடும்போது ஆளை ஏமாற்றும் எல்லாமே இதில் இருக்கிறது.

தராசில் மீன்

மீன் கிலோ 300-க்கு வாங்குகிறோம், முழு மீனாக. தட்டில் வைப்பது முள் நீக்கிய 150 கிராம் துண்டு. புதிதாகக் கணக்குப் போடுகிறவர் என்ன செய்வார்? 300-ஐ 0.150-ஆல் பெருக்குவார், 45 வரும், எழுதிவிடுவார். பார்க்க ஒரு தப்பும் தெரியாது.

இப்போது சமையலறைக்குள் வாருங்கள். 10 கிலோ மீன் வந்து இறங்குகிறது, பில் 3,000. செதிள் உரிக்கிறோம், குடல் எடுக்கிறோம், தலையை வெட்டுகிறோம், நடுமுள்ளோடு ஒட்டிய எலும்புக்கூட்டைப் பிரிக்கிறோம், தோலை இழுக்கிறோம். மிஞ்சிய சுத்தமான சதையைத் தராசில் வைத்தால் 4.5 கிலோ. முழு மீனிலிருந்து ஃபில்லட் எடுத்தால் பாதிக்கும் கீழே தேறுவது சாதாரணம்தான், மீனின் வகையையும் கத்தி பிடிப்பவரின் கையையும் பொறுத்துக் கூடும் குறையும். ஆக அந்த 3,000 கொடுத்து நாம் வாங்கியது 10 கிலோ மீன் இல்லை, 4.5 கிலோ சதை. அதன் விலை கிலோவுக்கு 667.

இத்தோடும் முடியவில்லை. 4.5 கிலோவை 150-ஆல் வகுத்தால் 30 துண்டு வர வேண்டும், காகிதத்தில். வால் பக்கம் மெலிந்து போகும், ஓரம் கிழியும், ஒரு துண்டு 155 வரும், இன்னொன்று 158 வரும், 150-ல் நிற்காது. எண்ணிப் பார்த்தால் தட்டில் வைக்கத்தக்க துண்டு 28. அப்படியென்றால் ஒரு துண்டின் செலவு 3,000 ÷ 28, சுமார் 107.

45 என்று நினைத்தது 107. இரண்டு மடங்குக்கும் மேல்.

வாங்கிய எடைக்கும் பயன்படும் எடைக்கும் உள்ள இந்த விகிதத்தைத்தான் சமையலறையில் ஈல்டு என்பார்கள். இங்கே சதையின் ஈல்டு 45 சதவீதம். இணையத்தில் ஒவ்வொரு காய்க்கும் இறைச்சிக்கும் ஈல்டு அட்டவணைகள் கிடைக்கும், அவற்றைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம்தான். ஆனால் நான் சொல்வது, உங்கள் மீனை உங்கள் ஆள் வெட்ட, உங்கள் தராசில் மூன்று தடவை நிறுத்துச் சராசரி எடுங்கள் என்பதுதான். ஒரு காலை வேலை. அட்டவணையில் இருப்பவர் வேறு மீனை வேறு கத்தியால் வெட்டியிருப்பார்.

தலையும் முள்ளும் வீணா என்று கேட்பீர்கள். அதை வேகவைத்துச் சூப்புக்கான சாறு எடுக்கிறீர்கள், அந்தச் சாறு இல்லாவிட்டால் வேறு ஏதாவது காசு கொடுத்து வாங்கியிருப்பீர்கள் என்றால், அந்தக் காசை மீன் செலவிலிருந்து கழித்துக்கொள்ளலாம். "எப்போதாவது பயன்படும்" என்று ஃப்ரீசரில் போட்டு ஒரு மாதம் கழித்துத் தூக்கிப் போடுகிற வழக்கம் என்றால் கழிக்காதீர்கள். இரண்டாவதுதான் அதிகம் நடக்கும்.

மீதிச் சாமான்

உருளைக்கிழங்கு கிலோ 40. தோல் சீவி, கெட்டுப்போன கண்களைக் குடைந்து எடுத்தால் 800 கிராம் தேறுகிறது, ஆகவே சுத்தம் செய்த கிழங்கு கிலோ 50. ஒரு தட்டுக்குப் பச்சையாக 200 கிராம், செலவு 10. "பச்சையாக" என்ற சொல்லை ரெசிபித் தாளிலும் எழுதி வையுங்கள், ஏனென்றால் பொரிக்கும்போது கிழங்கிலிருந்து நீர் போய் எடை நன்றாகவே குறையும். பொரித்த பின் 200 கிராம் தட்டில் வரும்படி சமையல்காரர் போட ஆரம்பித்தால் உங்கள் 10 எங்கேயோ போயிருக்கும், தாளில் மட்டும் 10 ஆகவே இருக்கும்.

அடுத்தது எண்ணெய். இதைத்தான் பலர் மொத்தமாக விட்டுவிடுகிறார்கள், "அது சட்டியில் இருக்கிறது, தட்டில் இல்லையே" என்ற எண்ணம். கொஞ்சம் எண்ணெய் மீனிலும் கிழங்கிலும் ஏறித் தட்டுக்குப் போகிறது, மீதி கறுத்துப் போய்க் கொட்டப்படுகிறது, இரண்டுக்கும் காசு கொடுத்தது நீங்கள். ஒரு தட்டு எவ்வளவு எண்ணெய் குடிக்கிறது என்று அளக்க முயலாதீர்கள், பைத்தியம் பிடிக்கும். எளிய வழி, சட்டியின் ஆயுளைக் கணக்கெடுப்பது. நம் சட்டியில் 10 லிட்டர் ஊற்றுகிறோம், லிட்டர் 150, ஆகவே 1,500. அதை மாற்றும்வரை இடையிடையே ஊற்றியது இன்னொரு 2 லிட்டர், 300. மொத்தம் 1,800. அந்த ஆயுளில் பொரித்துப் போன தட்டுகள் 150 என்று பில் புத்தகம் சொல்கிறது. தட்டுக்கு 12. கிழங்கை விட எண்ணெய் செலவு அதிகம் என்பதைக் கவனியுங்கள்.

மாவுக் கரைசலும் சாஸும் மொத்தமாகச் செய்பவை. இவற்றுக்கு வழி, ஒரு முழுத் தவணையைச் செய்து அதில் போன எல்லாவற்றுக்கும் விலை போட்டு, அது எத்தனை தட்டுக்கு வருகிறது என்று பார்ப்பது. கரைசல் 160-க்குச் செய்தால் 20 மீனுக்கு வருகிறது, தட்டுக்கு 8. சாஸ் 240-க்குச் செய்தால் 1.2 கிலோ வருகிறது, 40 கிராம் கரண்டியால் ஊற்றினால் 30 தட்டு, தட்டுக்கு 8. கரண்டி என்று சொல்லும்போது அளவுக் கரண்டியைச் சொல்கிறேன், குழம்புக் கரண்டியால் "ஒரு ஊற்று" ஊற்றுவதை இல்லை. சாலட் 9, எலுமிச்சையை நான்காக வெட்டி ஒரு துண்டு 2.

அப்புறம் உப்பு, மிளகுத்தூள், மேஜையில் இருக்கும் கெச்சப், டிஷ்யூ போல விலை போட முடியாத, போட்டாலும் பிரயோசனமில்லாத சில்லறைகள். (டிஷ்யூ சாப்பாடா என்று சண்டைக்கு வரலாம். அதை வேறு செலவில் எழுதுகிறீர்கள் என்றால் தாராளமாக எழுதுங்கள், இரண்டு இடத்திலும் விட்டுவிடாமல் இருந்தால் போதும்.) இவற்றுக்குத் தட்டுக்கு ஒரு சிறு தொகையைக் கண்மதிப்பாகப் போட்டுவிடுவது எல்லாச் சமையலறையிலும் உள்ள பழக்கம். நான் 4 போடுகிறேன்.

கூட்டிப் பார்ப்போம்:

மீன் 107
உருளைக்கிழங்கு 10
எண்ணெய் 12
மாவுக் கரைசல் 8
சாஸ் 8
சாலட் 9
எலுமிச்சை 2
சில்லறை 4
மொத்தம் 160

இப்போது அந்தப் புதியவரின் தாளையும் பக்கத்தில் வைப்போம். மீன் 45, கிழங்கு 8 (சீவாத எடைக்கு), கரைசல் 8, சாஸ் 8, சாலட் 9, எலுமிச்சை 2. எண்ணெயும் சில்லறையும் இல்லை. மொத்தம் 80. நம் கணக்கில் சரியாகப் பாதி. அவர் ஃபுட் காஸ்ட் 32 சதவீதம் என்று வைத்துக்கொண்டு 80-ஐ 0.32-ஆல் வகுத்து மெனுவில் 250 என்று அச்சடிப்பார். உண்மையில் சாமானுக்கு 160 போகிறது, அதாவது 64 சதவீதம். கடையில் கூட்டம் அலைமோதும், ஏனென்றால் அந்த மீன் வேறெங்கும் அந்த விலைக்குக் கிடைக்காது. மாதக் கடைசியில் சம்பளம் கொடுக்கக் கை நடுங்கும், காரணமும் புரியாது. "நல்லாத்தான் ஓடுது, கையில ஒண்ணும் நிக்கல" என்று புலம்புகிறவர்களுடைய தாளை வாங்கிப் பார்த்தால் பெரும்பாலும் ஈல்டு இருக்காது.

32 எங்கிருந்து வந்தது?

28-லிருந்து 35 சதவீதம்வரை இருக்கலாம் என்பது இந்தத் தொழிலில் எல்லோர் வாயிலும் இருக்கும் பேச்சு. தொடங்குவதற்கு அது போதும், ஆனால் அந்த வீச்சுக்குள் உங்கள் எண் எது என்று உங்கள் செலவுதான் சொல்ல முடியும். வழி எளிது. மாத விற்பனை 6 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். வாடகை, மின்சாரம், கேஸ் சேர்ந்து 1,20,000, விற்பனையில் 20 சதவீதம். சம்பளம் 1,86,000, அது 31 சதவீதம் (இதில் நீங்கள் அடுப்படியில் நிற்கிறீர்கள் என்றால் உங்கள் சம்பளமும் அடக்கம், அதை விட்டுவிட்டு லாபம் என்று சொல்லிக்கொள்வதில் அர்த்தமில்லை). பழுது, பாத்திரம் கழுவும் சோப்பு, கார்டு மெஷின் கட்டணம் இத்யாதி 30,000, அது 5 சதவீதம். உங்களுக்கு நிற்க வேண்டிய லாபம் 60,000, அது 10. கூட்டினால் 66. மீதி 34 சதவீதத்துக்குள்தான் சாமான் செலவு அடங்க வேண்டும்.

அந்த 34-ஐ அப்படியே ரெசிபித் தாளில் போட்டுவிடக் கூடாது. தட்டு கீழே விழும், மீன் ஒருநாள் விற்காமல் போகும், ஆர்டர் தப்பாக எழுதியதால் திருப்பிச் செய்ய வேண்டி வரும். ரெசிபித் தாளுக்கு இதெல்லாம் தெரியாது. அதனால் 2 சதவீதத்தை ஒழுகலுக்கு ஒதுக்கிவிட்டு 32-ஐ வைத்துக்கொள்கிறேன். வாடகையில்லாத சொந்த இடம், குடும்பமே வேலை செய்கிறது என்றால் உங்கள் எண் 40 ஆகக்கூட இருக்கலாம், தப்பில்லை. பெரிய வாடகை, நிறைய ஆட்கள் என்றால் 28-க்கே மூச்சு வாங்கும்.

160 ÷ 0.32 = 500. நம் மீன் தட்டின் விலை 500.

வரி விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மெனுவில் போடும் விலைக்குள்ளேயே வரி அடங்கியிருந்தால் அந்த 500 முழுக்க உங்களுடையது கிடையாது. வரி 10 சதவீதம் என்று கொண்டால் 500-ஐ 1.10-ஆல் வகுக்க வேண்டும், கைக்கு வருவது 455. அதில் 160 என்பது 35 சதவீதம், 32 இல்லை. வரியை அடக்கி விலை போட வேண்டுமென்றால் மெனுவில் 550 இருக்க வேண்டும். டெலிவரி ஆப்புக்குக் கொடுக்கும் கமிஷனும் இதே மாதிரிதான், கமிஷன் போக வருவதை வைத்து வகுங்கள், பொட்டலச் செலவைச் சாமானோடு கூட்டுங்கள்.

எல்லாத் தட்டும் 32-ல் நிற்க வேண்டுமா?

வேண்டாம். சதவீதத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கினால் நல்ல தட்டுகளை மெனுவிலிருந்து தூக்கிவிடுவோம்.

இதே கடையில் ஒரு காய்கறிச் சூப் இருக்கிறது. சாமான் 36, விலை 150, ஃபுட் காஸ்ட் 24 சதவீதம். பார்க்கப் பிரமாதம். பெரிய இறால் தட்டு ஒன்றும் இருக்கிறது. சாமான் 320. சூத்திரப்படி விலை 1,000 வரும், நம் கடைக்கு வருகிறவர்கள் அந்த விலையைப் பார்த்தால் மெனுவை மூடிவிடுவார்கள். 800 என்றால் வாங்குவார்கள், ஆனால் ஃபுட் காஸ்ட் 40 சதவீதம். சதவீதத்தை மட்டும் பார்க்கிறவர் இறாலைத் தூக்கிவிட்டுச் சூப்பை விளம்பரம் பண்ணுவார்.

சாமான் போகக் கையில் நிற்பது எவ்வளவு என்று பாருங்கள். சூப்பில் 114. மீனில் 340. இறாலில் 480. வாடகைக்காரர் சதவீதத்தில் வாங்குவதில்லையே, பணமாகத்தானே வாங்குகிறார். மீன் சாப்பிட வந்தவர் மனம் மாறி இறால் கேட்டால் உங்கள் ஃபுட் காஸ்ட் சதவீதம் ஏறும், கல்லாவில் 140 கூடுதலாக நிற்கும். இந்த இரண்டையும், அதாவது ஒரு தட்டில் எவ்வளவு நிற்கிறது, அது எத்தனை விற்கிறது என்பதைச் சேர்த்துப் பார்த்து மெனுவை அமைக்கும் முறையை 1982-ல் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கசவானாவும் ஸ்மித்தும் வகுத்துக் கொடுத்தார்கள், மெனு இன்ஜினியரிங் என்று இன்றும் பாடமாக ஓடுகிறது. அதற்குள் இப்போது போக வேண்டாம்.

அதற்காகச் சதவீதத்தைத் தூக்கிப் போட்டுவிடவும் முடியாது, ஏனென்றால் 32 என்பது மொத்தக் கடைக்குமான எண். ஒரு வாரத்தில் மீன் 100, இறால் 40, சூப் 120 விற்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். விற்பனை 50,000, 32,000, 18,000, கூட்டினால் சரியாக ஒரு லட்சம். சாமான் 16,000, 12,800, 4,320, கூட்டினால் 33,120. ஆக, கடையின் சதவீதம் 33. மீனின் 32-ஐயும் இறாலின் 40-ஐயும் சூப்பின் 24-ஐயும் கூட்டி மூன்றால் வகுத்தால் 32 என்று வரும், அது தப்பு. எது எத்தனை விற்றது என்ற கனம் அதில் இல்லை. மேலே 34-ஐ எல்லை என்று வைத்தோம், ஆகவே 33 தாங்கும், ஆனால் ஒழுகலுக்கு ஒதுக்கிய இரண்டில் ஒன்றை இறால் தின்றுவிட்டது என்பதை மனதில் வைக்க வேண்டும்.

மீன் விலை ஏறும்போதும் இதே இரட்டைப் பார்வை உதவும். கிலோ 300 இருந்தது 360 ஆனால் துண்டு 107-லிருந்து 129 ஆகும், தட்டு 182. பழையபடி 32 சதவீதம் வேண்டுமென்றால் விலை 569. பழையபடி கையில் 340 நின்றால் போதும் என்றால் 522. முதல் எண்ணைப் போட்டால் ஆள் குறையலாம், இரண்டாவதைப் போட்டால் மற்ற செலவுகள் ஏறும்போது தாங்காது. நானாக இருந்தால் 540 பக்கம் நிற்பேன், இரண்டு வாரம் எத்தனை தட்டு போகிறது என்று பார்ப்பேன். இங்கே சூத்திரம் ஒரு வேலியை மட்டும் காட்டுகிறது, வேலிக்குள் எங்கே நிற்பது என்பது வியாபாரம்.

தாள் ஒன்று சொல்லும், கடை ஒன்று சொல்லும்

இதுவரை போட்டதெல்லாம் தாளில் இருக்கும் ஃபுட் காஸ்ட். ரெசிபிப்படி எல்லாம் நடந்தால் இவ்வளவு ஆக வேண்டும் என்ற எண். உண்மையில் எவ்வளவு ஆனது என்பதை மாதம் ஒருமுறை வேறு வழியாகப் பார்க்க வேண்டும்:

ஆன செலவு = தொடக்க இருப்பு + வாங்கியது − கடைசி இருப்பு

மாதத் தொடக்கத்தில் ஸ்டோரிலும் ஃப்ரீசரிலும் இருந்த சாமான் 45,000. மாதத்தில் வாங்கியது 2,12,000. கடைசி நாள் இரவு எண்ணிப் பார்த்தால் இருப்பு 41,000. ஆக, பயன்பட்டது 2,16,000. விற்பனை 6 லட்சம். 36 சதவீதம்.

தாள் 33 என்றது, கடை 36 என்கிறது. மூன்று சதவீதம்தானே என்று விடக் கூடாது, 6 லட்சத்தில் அது 18,000. நீங்கள் எதிர்பார்த்த 60,000 லாபத்தில் ஒரு பகுதி அதற்குள் ஒளிந்திருக்கிறது. முதலில் எண்ணிக்கையையே சந்தேகப்படுங்கள், கடைசி நாள் மாலையில் வந்திறங்கிய சரக்கின் பில் இந்த மாதத்தில் ஏறி, சரக்கு மட்டும் எண்ணப்படாமல் வாசலிலேயே இருந்திருக்கலாம். நான் இதற்காக ஒரு முழு நாள் எல்லோரையும் முறைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன், கடைசியில் இரண்டு பெட்டி மீன் ஐஸ் பெட்டிக்குள்ளேயே இருந்தது. எண்ணிக்கை சரியென்றால் பணியாளர் சாப்பாடு எழுதப்பட்டதா, வீணானது எழுதப்பட்டதா என்று பாருங்கள். அதற்கும் பிறகு, தராசு.

மதியக் கூட்ட நேரத்தில், யாருக்கும் முன்கூட்டிச் சொல்லாமல், பொரிக்கப் போகும் ஐந்து மீன் துண்டை எடுத்து நிறுங்கள். நான் ஒருமுறை நிறுத்தபோது வந்தது 168, 174, 165, 181, 162. சராசரி 170. வெட்டுகிறவர் கஞ்சன் இல்லை, நல்ல மனிதர், "துண்டு தட்டில் சின்னதாகத் தெரிகிறது" என்று அவராகவே கூட்டியிருந்தார். 20 கிராம் என்பது கைக்குத் தெரியாது. கணக்குக்குத் தெரியும்: தட்டுக்கு 14 கூடுதல், 160 என்பது 174 ஆகிறது, 500-க்கு விற்றால் 32 போய் 35 ஆகிறது. கடை விற்பனையில் பாதி மீன் என்பதால், எங்கே ஒழுகுகிறது என்று தேடிக்கொண்டிருந்த மூன்று சதவீதத்தில் கிட்டத்தட்ட பாதி அங்கேயே, வெட்டுப் பலகையின் மேல் இருந்தது.

இதற்கு இரண்டு வழி இருந்தது. தராசைப் பலகையின் பக்கத்தில் வைத்து 150-க்கே வெட்டச் சொல்வது ஒன்று. அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு, 170 கிராமைத் தாளில் ஏற்றி, விலையை 540 ஆக்குவது இன்னொன்று. நாங்கள் தராசை வைத்தோம், கூடவே தட்டையும் ஒரு அளவு சின்னதாக மாற்றினோம். மீன் இப்போது தட்டின் விளிம்பைத் தொடுகிறது, "துண்டு சின்னது" என்று அதற்குப் பிறகு அவரும் சொல்லவில்லை, சாப்பிட வந்தவர்களும் சொல்லவில்லை.